டாக்டர் சொல்லாத சொல்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஆறு வருஷம் டைப் அடித்தவள். பக்கத்து மலைக் கிராமமான கூக்காலில் வாக்கப்பட்ட பிறகு அந்தப் படிப்பு மருந்துப் பாட்டிலிலும் உர மூட்டையிலும் எழுதியிருப்பதை வாசிக்கப் பயன்பட்டது. அப்புறம் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய் என்றார்கள். அன்றிலிருந்து எல்லா ரிப்போர்ட்டையும் நான்தான் வாசித்தேன். நான் சொன்னதுதான் வீட்டுக்கு வேதம்.

மதுரையில் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி மொத்தமும் கொட்டியது. மூன்றாவது தடவை அவர் எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தபோது, நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். டாக்டர் வாயால் குணமாயிருச்சு என்று சொன்ன அன்றைக்கே நாள் குறித்து, இவர் மலையிலிருந்து பழனிக்கு நடந்தே இறங்கி முடி கொடுப்பார் என்று. சும்மா வேண்டியிருக்கலாம். டாக்டர் வாயை ஏன் இழுத்தேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை என்னையே திட்டியிருக்கிறேன்.

வேண்டுதல் பாக்கி நிற்கிற வீட்டில் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள். வெளியூரில் தங்கிக் காலேஜ் முடித்த இவருடைய அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. அண்ணன் பொறுமையான மனுஷர்தான். ஆனாலும் வாரம் ஒரு தடவை வந்து கேட்பார். "ஏம்மா, டாக்டரம்மா சொல்லிட்டாங்களா? முருகன் கடன முடிச்சாத்தானே பந்தல் போட முடியும்."

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன அன்று, இவரை ரத்தம் எடுக்க அனுப்பியிருந்தார்கள். நான் மட்டும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரியை ஏற்கெனவே வாசித்திருந்தேன். கம்ப்ளீட் ரெமிஷன். முழு என்று போட்டிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அப்ப குணமாயிருச்சுங்களா டாக்டர்?"

"ரொம்ப நல்ல ரிப்போர்ட்டும்மா. ரெமிஷன்னா, இப்ப இருக்கிற எந்தச் சோதனையிலயும் நோய் தெரியலன்னு அர்த்தம். இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஒரு அளவுக்கு இருந்தாத்தான் ஸ்கேனுக்கே தெரியும். அதவிடக் கொஞ்சமா எங்கயாவது தங்கியிருந்தா எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது."

"எப்ப சொல்வீங்க?"

"இந்த வகை திரும்பி வந்தா, பெரும்பாலும் மொத ரெண்டு வருஷத்துக்குள்ள வரும். அதத் தாண்டட்டும். அஞ்சு வருஷம் நல்லா போகட்டும், அப்ப அந்த வார்த்தைய நானே சொல்றேன். அதுவரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருதடவ வரணும். கட்டி, காய்ச்சல், ராத்திரில வேர்வை, எடை குறையறது, எது வந்தாலும் காத்திருக்காம வந்துடணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன். இத்தனைக்கும் எங்கள் மேல்தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு வருஷம் பூண்டில் வேர் அழுகல் வந்து, எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தோம். மண்ணைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் வருஷக்கணக்கில் அதில் பூண்டு ஊன்றாமல் காரட்தான் போட்டுவருகிறோம். மண்ணுக்குக் கொடுத்த பொறுமையை நான் டாக்டருக்குக் கொடுக்கவில்லை.

இவர் பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டே உள்ளே வந்தார். "ரிப்போர்ட் நல்லாருக்குங்க. வீட்டம்மாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், மூணு மாசத்துல பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வெளியே கூட்டம் நின்றது.

பஸ் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும்போது இவர் கேட்டார். "குணமாயிருச்சுன்னு சொன்னாங்களா?"

தலையில் ஒரு விரல்கடை உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. குழந்தையின் முடி மாதிரி மெத்தென்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அஞ்சு வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சொல்லிட்டாங்க" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்ன பொய்யை அந்த நிமிஷம் நானே நம்பினேன்.

அந்த மாதமே பழனிக்கு நடந்தார். புதிதாக முளைத்த முடியை முருகனுக்குக் கொடுத்தார். மருந்து ஒரு தடவை எடுத்தது, நான் ஒரு தடவை எடுக்க வைத்தேன். அண்ணன் மகள் கல்யாணமும் தட்டில்லாமல் நடந்தது.

மூன்று மாதம் ஆனதும் மதுரைக்குக் கிளம்பலாம் என்றேன். இவர் நம்ப முடியாதவர் போலப் பார்த்தார்.

"எதுக்கு? குணமாயிருச்சு, கடனையும் கட்டியாச்சு. அதுக்கப்புறமும் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா, முருகா உன்ன நம்பலன்னு சொல்ற மாதிரி ஆயிராது? பூண்டு வேற பிடுங்காம கெடக்கு. சோலியப் பாரு."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டுமென்றால் நான் பஸ்ஸில் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த மூன்று மாதமும் அப்படியே போனது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரியாக இருந்ததுதான் வினை, என் புளுகு ஏழு மாதம் ஓடியது.

தை மாதம். வெள்ளனே துணி அலச எடுத்தபோது, தண்ணியில் போடுவதற்கு முன்னாலேயே இவருடைய பனியன் கனமாக இருந்தது. பிழிந்தால் சொட்டியது. கூக்காலில் தை மாதக் குளிரில் தூங்குகிற மனுஷனுக்கு வேர்க்குமா? துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மப்ளரை அவிழ்த்தேன். காதுக்குக் கீழே, போன தடவை இருந்த அதே இடத்தில் இருந்தது.

"எத்தன நாளாங்க?"

"ஒன்றர மாசம் இருக்கும். நெறி கட்டியிருக்கும்னு விட்டுட்டேன். அதான் குணமாயிருச்சுல்ல."

சதை எடுத்துப் பார்த்தார்கள். அதே நோய்தான். டாக்டரம்மா திட்டவில்லை. வருத்தத்தோடு இவரிடம்தான் சொன்னார்: "அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனேங்க, குணம்னு இன்னும் சொல்ல முடியாது, ஒழுங்கா வந்துகிட்டிருக்கணும்னு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு நான் தனியாகப் போய்க் கேட்டேன், என்னால்தான் வந்ததா என்று. "திரும்பி வந்தது உங்களால இல்லம்மா. நீங்க உண்மையச் சொல்லியிருந்தாலும் வந்திருக்கும். கொஞ்சம் வெரசாப் பாத்திருக்கலாம், அவ்வளவுதான்" என்றார். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை நாட்களைத் தள்ளுகிறேன்.

முன்னைவிடக் கடுமையான மருந்து ஆரம்பித்தார்கள். நோய் நன்றாக அடங்கினால் இவருடைய ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து வைத்து, பெரிய மருந்து கொடுத்துத் திரும்ப ஏற்றலாம் என்றார்கள். மறுபடியும் முடி கொட்டியது. பஸ்ஸில் நடந்ததைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக எடுத்தபோதும், "விடு" என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"வாசி."

வாசித்தேன். பார்ஷியல் ரெமிஷன் என்று இருந்தது. நோய் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் தெரிகிறது, போகவில்லை என்று அர்த்தம் சொன்னேன். ஒரு எழுத்தைக்கூட இனிப்பாக்கவில்லை.

முழுவதையும் கேட்டார். "சரி" என்றார். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் விரித்து, போனில் படம் எடுத்தார். திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கூப்பிட்டார்.

"தாயி, உனக்கு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.