மூலத்தில் இல்லாத வரி

என் அக்காவிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் நேரான பதில் வராது. சூடாக இருந்தால் வேண்டும், சர்க்கரை குறைவாக இருந்தால் வேண்டும், கையிலிருக்கும் பக்கம் முடிந்த பிறகு என்றால் வேண்டும். ஆபீசில் அவளுக்கு ‘நிபந்தனை மேடம்’ என்று பெயர். வைத்தவள் நான்தான். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

பாடப் புத்தகங்களும் கைடுகளும் போடும் ஒரு பதிப்பகத்தில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் பக்கம் வடிவமைப்பவள். அக்கா பிழை பார்ப்பவள். இயற்பியல் படித்தவள், ஆசிரியையாகப் போயிருக்க வேண்டியவள். கல்யாணம், குடும்பம் என்று தள்ளிப்போய்க் கடைசியில் எங்கள் ஆபீஸ் ஜன்னலோர மேஜைக்கு வந்து சேர்ந்தாள். வந்த பிறகு அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், பாலிடெக்னிக்கில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர். அவர் எழுதிய கெட்டிப் புத்தகம் ஒன்றை எங்கள் பதிப்பகம்தான் வெகுநாளாகப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகம் அவருக்குப் பிள்ளை மாதிரி. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது என்பதால் இதை நான் சும்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. சர்க்கரை நோயில் முதலில் கண் போனது, பிறகு சிறுநீரகம் கெட்டது, அதற்கப்புறம் கட்டிலே கதி என்றாயிற்று. இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாமாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. புதுப் பதிப்பை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. கண் தெரியாதவர் என்னத்தைப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அவ்வளவு நீளமில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி அந்த மெஷினைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் ஒரு பாடத்தைக் கொடுத்தால் அது படித்துவிட்டு ஒரே பக்கத்தில் சுருக்கித் தந்துவிடும். மொழி வழவழவென்று இருக்கும், எழுத்துப் பிழைகூட இருக்காது. மாமாவின் புத்தகம் முழுவதையும் சுருக்கச் சொன்னார்கள். சுருக்கமே போதும் என்றால் கெட்டிப் புத்தகத்தை நிறுத்திவிடலாம், போதாது என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று முதலாளி சொன்னாராம். சரிபார்க்கிற வேலை அக்காவின் மேஜைக்கு வந்தது. புத்தகம் அவள் புருஷனுடையது என்று மேனேஜருக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தை அவளை விட அறிந்தவர் இல்லை என்று அவர்தான் கொடுத்தார்.

அக்கா வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், அவ்வளவு நிதானம். சுருக்கத்தை முதலில் படிக்கவே மாட்டாள், கவிழ்த்து வைத்துவிடுவாள். முதலில் மூலத்தைப் படிப்பாள். ‘மட்டும்’, ‘தவிர’, ‘மாறாதபோது’ என்று வருகிற இடமெல்லாம் அடிக்கோடு போடுவாள். எண்களை அலகோடு சேர்த்து வட்டமிடுவாள். வரையறைகளைக் கட்டம் கட்டுவாள். அதற்குப் பிறகுதான் சுருக்கத்தை நிமிர்த்தி, அடிக்கோல் வைத்து, ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறதா என்று டிக் போட்டுக்கொண்டே வருவாள். ஏன் இந்தச் சுற்று வழி என்று ஒரு நாள் கேட்டேன். விஷயம் தெரிந்தவள் சுருக்கத்தை முதலில் படித்தால் விட்டுப்போனதை மனசே நிரப்பிக்கொள்ளும், கண்ணுக்கு ஓட்டை தெரியாது என்றாள்.

மெஷினும் அவளுக்கு வஞ்சகமில்லாமல் வேலை கொடுத்தது. மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ஓம் விதியை எழுதியிருந்தது. வெப்பநிலை மாறாதபோது என்பதைக் காணோம். நீர் ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பம் என்று பனிக்கட்டி உருகுவதற்கான எண்ணைத் தூக்கிப் போட்டிருந்தது. இரண்டும் மூலத்தில் ஒரே பத்தியில் இருந்தன, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அரை ஆயுட்காலம் என்றால் கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் என்று மாமா எழுதியிருந்தார். முழுவதும் சிதைய ஆகும் காலத்தில் பாதி என்று மெஷின் எழுதியிருந்தது. கேட்டால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. அப்படிப் படிக்கிற பையன் இரண்டு அரை ஆயுட்காலம் போனால் ஒன்றுமே மிச்சமிருக்காது என்று எழுதிவிட்டு வருவான். கால் பங்கு மிச்சமிருக்கும்.

சிவப்பு மசி தீர்ந்து புதுப் பேனா வாங்கினாள். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அவள் போடுகிற ஒவ்வொரு சிவப்புக் கோடும் கெட்டிப் புத்தகம் வேண்டும் என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. மேனேஜரே வாய் விட்டுச் சொன்னார், மூலமும் கூட இருந்தாக வேண்டும் போலிருக்கிறது என்று. அதை மாமாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு வந்தது.

வெப்பம் பற்றிய பாடத்துக்கு அவள் வந்த அன்று மத்தியானம், டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். குளிர்வு விதி. சூடான ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வீதம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும். சுருக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது: வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும்போது. வேறெங்கோ படித்ததை மெஷின் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அக்கா மூலத்தில் அந்த அடிக்கோட்டைத் தேடினாள். முன் பக்கம், பின் பக்கம், பயிற்சி வினாக்கள் வரை புரட்டினாள். இல்லை. மாமா எழுதவே இல்லை.

எங்கள் ஆபீஸ் விதி எளிமையானது. மூலத்தில் இல்லாதது சுருக்கத்தில் இருந்தால் அடித்துவிட வேண்டும். மெஷின் இஷ்டத்துக்குக் கதை விடும் என்பதால் மேனேஜரே போட்ட விதி. அக்கா அந்தத் துண்டை அடித்துவிட்டுப் போயிருந்தால் ஒரு ஆளும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. ஆனால் மெஷின் சேர்த்தது சரி. வேறுபாடு அதிகமானால் அந்த விதி அப்படியே பொருந்தாது. மூலத்தில்தான் ஓட்டை.

நான் சொன்னேன், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.

“அடிச்சுடுக்கா. ரூல் அதானே? நீ ஒண்ணும் பொய் சொல்லப் போறதில்ல.”

“அடிச்சா படிக்கிற பிள்ளைங்க தப்பா படிக்குமே.”

“இவ்வளவு நாளா அப்படித்தானே படிச்சாங்க?”

“இவ்வளவு நாளா எனக்குத் தெரியாதுடி.”

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. ஓரத்தில் எழுதினாள்: ‘மூலத்தில் நிபந்தனை விடுபட்டுள்ளது. சுருக்கமே சரி.’ எழுதி முடித்ததும் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

முதலாளி கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். பக்கம் பக்கமாகச் சிவந்து கிடந்ததே, அது படவில்லை. புத்தகம் எழுதினவரையே மெஷின் திருத்திவிட்டது, அதைப் பெண்டாட்டியே ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி எதற்குப் பழைய புத்தகம் என்று கேட்டாராம். மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். கெட்டிப் புத்தகத்துக்கு இனி அச்சு கிடையாது, அக்கா திருத்திக் கொடுத்த சுருக்கம் மட்டும் பதிப்பகத்தின் பெயரில் வரும் என்று முடிவாயிற்று. மாமாவின் பெயர் அதில் வராது. சுருக்கத்தில் இருந்த அத்தனை பிழையையும் பிடித்தவள் அவள், மூலத்தில் இருந்த ஒரே பிழையைப் பிடித்ததற்குத் தண்டனையும் அவளுக்கே.

அன்று சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்லப் போகிறாய் என்று வாசலில் வைத்துக் கேட்டேன். தெரியவில்லை என்று செருப்பைக் கழற்றினாள்.

மாமா விழித்துத்தான் இருந்தார். தினம் சாயங்காலம் அவருடைய புத்தகத்தில் ஒரு பாடத்தை அவள் வாசிக்க வேண்டும், புதுப் பதிப்புக்கு என்ன மாற்றலாம் என்று அவர் சொல்லுவார். அது அவர்களுடைய வழக்கம். அன்றைக்கு வெப்பம் பாடத்தை வாசிக்கச் சொன்னார். அவராகக் கேட்டார், நாங்கள் யாரும் சொல்லவில்லை. மேனேஜர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டுவிடப் போகிறாரே என்று நான் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அக்கா வாசித்தாள். குளிர்வு விதி வந்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு, “வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும்போது” என்று ஆரம்பித்து வாசித்தாள். இல்லாத ஒன்றைச் சேர்த்து அவள் வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமா கையை லேசாகத் தூக்கினார்.

“அப்படியா இருக்கு அதுல?”

அக்கா அந்த வரியில் விரலை வைத்தாள்.

“சொல்லும்மா. நான் எழுதலையா?”

“எழுதலைங்க.”

அவர் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பினார். பார்வை இல்லாதவர் கூரையைப் பார்ப்பது பெரிய கொடுமை. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேனே என்றார். போர்டில்கூட முதலில் அதைத்தான் எழுதுவேன் என்றார். சட்டென்று, இத்தனை தடவை புரூப் பார்த்தாயே, உன் கண்ணில்கூடவா படவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

“நீங்க பாடம் தயார் பண்றப்போ சத்தமா சொல்லுவீங்கல்ல? அது காதுலயே இருந்துச்சு. படிக்கிறப்போ தானா வந்துடும். இருக்குன்னே நினைச்சுட்டேன்.”

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அக்கா முதுகைத் தடவி, நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் அடங்க நேரமாயிற்று. தலையணையில் சாய்ந்துகொண்டு அவள் கையைத் தேடிப் பிடித்தார். எத்தனை பிள்ளைகள் தப்பாகப் படித்திருக்கும் என்று அவர் வருந்துவார் என நினைத்தேன். வருந்தினார்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு வழி இருந்தது.

“போகட்டும். இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. புதுப் பதிப்புல சேர்த்துடு.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“சேர்த்துடறேங்க.”

“ஓரத்துல அடிக்குறிப்பாப் போட்டுடாத. பசங்க படிக்க மாட்டாங்க.”

“இல்லைங்க,” என்றாள் அக்கா. “விதியோட முதல் வரியிலயே போட்டுடறேன்.”