வெளியாள் பார்க்காத ரீல்ஸ்

பன்னீர் திராட்சை நிறம் ஏறிய வாரத்தில்தான் என் ரீல்ஸை வெளியாட்கள் பார்க்காமல் போனார்கள். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். குமுளிக்குப் போகும் வண்டிக்காரர்கள் என் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்து, பழமும் வாங்கிப் போவார்கள். அவர்கள் வராவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை. பழம் காத்திருக்காது. ஒரு மழை பெய்தால் வெடித்துவிடும்.

பார்வைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்திருந்தார்கள். பக்கத்தைப் பின்தொடராத வெளியாட்கள் என்ற இடத்தில் மட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று முடிவு கட்டினேன். யார் என்றும் எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்குப் பிறகுதான் அவரும் ஒரு பக்கம் ஆரம்பித்தார். அவர் பந்தலுக்கு மட்டும் அன்று காலை இரண்டு கேரளா வண்டி வந்திருந்தது.

"மதினி அப்படிப்பட்டவுக இல்ல," என்றார் என் கணவர். அவர் சொன்னதாலேயே சந்தேகம் இன்னும் இறுகியது.

நேராகப் போய்க் கேட்டேன். "அக்கா, என் பக்கத்த ரிப்போர்ட் அடிச்சீகளா?"

அவர் கொடி கட்டிக்கொண்டிருந்த கையை எடுக்கவே இல்லை. "நான் எதுக்கு அடிக்கப் போறேன்? அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கும். அங்கன காரணம் போட்ருக்கும், பாத்தியா?"

இவருக்கு எப்படித் தெரியும்? குற்றம் செய்தவளுக்குத்தானே தடயம் தெரியும் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எனக்கும் வந்துச்சு பிள்ள. யாரோ எடுத்த அருவி வீடியோவா எடுத்து எடுத்துப் போட்டேன்ல, அப்ப."

அங்கேயே நின்று திறந்தேன். உங்கள் பதிவுகள் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கப்படாது, அசலில்லாத பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள் என்று இருந்தது. கீழே ஒரு பட்டியல். மருந்தடிக்கிற நாட்களில் தோட்டத்தில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. பக்கம் காலியாகக் கிடக்கக் கூடாதே என்று அடுத்தவர் வீடியோக்களை எடுத்துப் போட்டிருந்தேன். பொங்கி விழும் அருவி, கூடலூர் ஜீப், ரோட்டைக் கடக்கும் யானை. மூலையில் இருந்த அவர்கள் பெயர் முத்திரையை வெட்டி, பாட்டை மாற்றி, கீழே 'நன்றி' என்றும் எழுதியிருந்தேன். நன்றி சொன்னால் நம்முடையதாகிவிடும் என்று நினைத்த புத்திசாலி நான்.

விரலைத் தள்ளினேன். பட்டியலில் கடைசியாக இருந்தது தூறல் விழுந்த ஒரு கொத்து. அது என் ஓரகத்தி எடுத்தது. தன் பக்கத்தில் போட்டுவிட்டு, குடும்ப குரூப்பிலும் அனுப்பியிருந்தார். அதற்கு நான் நன்றிகூட எழுதவில்லை. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் ஒரே ஸ்ப்ரேயர், ஒரே ஏணி. வேலியைத் தாண்டி எடுத்துக்கொண்டு போவோம், யாரும் கேட்பதில்லை. வீடியோவும் அப்படித்தான் என்று எடுத்திருந்தேன். இப்போது கூச்சம் பிடுங்கித் தின்றது. போனை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் மறுபரிசீலனை கேட்டேன். என்னுடையவை அல்லவே, நிராகரித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். இனி சொந்தமாக எடுத்ததை மட்டும் போட்டுக்கொண்டு, கடைசியாக அடுத்தவர் வீடியோ போட்ட நாளிலிருந்து சுமார் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவு நாள் கொத்து கொடியில் நிற்காது. வியாபாரியை வரச் சொல்லிவிடலாமா என்று கணவர் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஓரகத்தி போனோடு எங்கள் பந்தலுக்குள் வந்தார்.

"நீ கத்தரிய எடுத்துக் கொத்த வெட்டு. நான் வீடியோ எடுக்குறேன். என் பக்கத்துல போட்டா வெளியாளுக்குப் போகும்."

இதில் அவருக்கு என்ன லாபம்? எங்கள் பழத்தைக் காட்டித் தன் பழத்தை விற்கப் போகிறாரா? வெட்டிக்கொண்டே அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்து முடித்ததும் சாதாரணமாகச் சொன்னார்: "என் தூறல் வீடியோவ நீ போட்டத அன்னைக்கே பாத்தேன். அத நீ ஒரு வார்த்த கேக்கல. கேட்டா தரமாட்டேன்னு நெனச்சியா பிள்ள?"

என் கண் முன்னாலேயே பதிவைப் போட்டார். போட்டதும் நான் செய்த முதல் காரியம், என் போனில் அதைத் திறந்து, வழி என்று எங்கள் தோட்டத்தைப் போட்டிருக்கிறாரா, தன் தோட்டத்தைப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தது.

எங்கள் தோட்டத்தைத்தான் போட்டிருந்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.