தாலி நேரத்தில் வந்து நின்ற பெயர்

அம்புஜவல்லிக்குப் பயம் என்றால் கெட்டிமேளம்தான். விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் பொம்மை பேக்கிங் பண்ணிக்கொண்டிருந்தவள், கல்யாணங்களை நேரலையில் காட்டும் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் நாதஸ்வரக்காரர் தலையாட்டினால் அவள் எல்லா ஒயரையும் இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்பாள்.

கம்ப்யூட்டரில் நேரலைக்கென்று இருக்கும் ஓபிஎஸ் மென்பொருளின் ஸ்டூடியோ மோடுதான் அவளுக்குத் தைரியம். திரை இரண்டாகும். இடது பக்கம் அடுத்த காட்சியைத் தயார் செய்யலாம். டிரான்சிஷன் பட்டனை அழுத்தினால்தான் அது வலது பக்கம் போய் ஊர் பார்க்கும். "லெஃப்ட்ல என்ன கூத்தடிச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்பாள், கேமரா பிடிக்கும் கணவன் மாயவனிடம். அந்த நம்பிக்கைதான் வினையானது.

ஜங்ஷன் பக்கத்து மண்டபத்தில் வெண்பாவுக்குக் கல்யாணம். லீவு கிடைக்காத அப்பா தமிழ்ச்செல்வன் குவைத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்க்க இந்த நேரலையை விட்டால் வேறு வழியில்லை.

அப்போது பெண்ணாடத்திலிருந்து போன். பெரியம்மாள் என்பவர் இறந்துவிட்டார், மதியம் அஞ்சலி நேரலை வேண்டும். முகூர்த்தத்துக்கு நேரமிருக்கிறதே என்று அஞ்சலிக் காட்சியை இடது பக்கம் எடுத்தாள். கல்யாணக் காட்சியின் அடியில் மணமக்கள் பெயரைக் காட்டும் பெயர்ப்பட்டையைத்தான் அதிலும் ஒட்டி வைத்திருந்தாள், வேலை மிச்சம் என்று. பட்டையில் இருந்ததை அழித்து 'அமரர் பெரியம்மாள்' என்று அடித்து ஓகே கொடுத்தாள்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

நிமிர்ந்து பார்த்தாள். வலது பக்கம், குனிந்திருந்த வெண்பாவின் முகத்துக்குக் கீழே அதே எழுத்து. ஒட்டிய இடம்தான் இரண்டு, பட்டை ஒன்றே ஒன்று. அதில் எழுத்தை மாற்றினால் எங்கும் மாறிவிடும், டிரான்சிஷனுக்குக் காத்திருக்காது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அபசகுனமாக ஒரு சொல்கூடக் காதில் விழக்கூடாது என்று மேளத்தை முழக்குகிற நேரத்தில், பெற்றவன் கண்ணெதிரே செத்தவள் பெயர்! கூட்டத்தைக் காட்டும் காட்சிக்கு மாறினால் பெயர் போகும், தாலியும் போகும்.

"ஏங்க, க்ளோசப்புல நில்லுங்க, ஆடாதீங்க!" என்று கத்திக்கொண்டே, பட்டையில்லாத க்ளோசப் காட்சியை இடது பக்கம் எடுத்து, டிரான்சிஷனை அழுத்தினாள். அழகாக இருக்கட்டும் என்று ஒரு நொடி ஃபேடு வைத்தவளும் அவள்தான். அந்தப் பெயர் ஆற அமரக் கரைந்தது. அது முழுதாக மறைந்தபோது முதல் முடிச்சு விழுந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் குவைத் நம்பர் அடித்தது. அவளுக்குக் கை எழவில்லை. மாயவன்தான் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"ஏம்மா அம்புஜம், தாலி கட்றப்ப எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. ஒண்ணுமே தெரியலம்மா."

அவளுக்கு மூச்சு வந்தது.

"அந்த எடத்த மட்டும் எனக்குத் திரும்ப அனுப்பு." குரலைத் தாழ்த்தினார். "எழுத்து இல்லாம அனுப்பும்மா. வூட்ல யாருக்கும் சொல்லாத."

மாயவனின் கேமரா கார்டில் எழுத்து ஏறாத படம் இருந்தது. அதை அவருக்கு அனுப்பினாள்.