வெறும் விடைக்கு எத்தனை புள்ளி

தொண்ணூறுகளின் நடுவில் லண்டனில், மனோர் பார்க் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். பதினாறு வயதுப் பொதுச் சோதனைக்கு முன்னால், ஜனவரியில், பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து மாதிரிச் சோதனை நடத்துவோம். அதில் நூற்றுக்கு அறுபது எடுத்தால் கோடையில் மேல்நிலைத் தாள் எழுதலாம். எடுக்காவிட்டால் நடுநிலைத் தாள்தான். அதில் தலைகீழாக நின்றாலும் பி தரத்துக்கு மேல் ஏற முடியாது.

அந்த முறை எனக்குத் திருத்தக் கிடைத்த ஒரு தாள் என் பொறுமையைச் சோதித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடமே ஆன பிள்ளையுடையது. கடைசிப் பக்கங்களில் சில கேள்விகளை விட்டிருந்தாள். எழுதிய விடைகள் ஒவ்வொன்றும் சரி. ஆனால் செய்முறை என்று ஒரு வரிகூட இல்லை. வெறும் விடை மட்டும், சின்ன எழுத்தில், மூலையில்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். நான் ஊரில் படித்த காலத்தில் படிமுறை எழுதாத கணக்கைக் கணக்கென்றே மதிக்கமாட்டார்கள். எங்களுடைய பிள்ளை என்று தாராளம் காட்டினேன் என்ற பேச்சும் வரக்கூடாது. மூன்று புள்ளிக் கேள்விகளுக்கு ஒவ்வொரு புள்ளியாகக் கிள்ளிப் போட்டேன். கூட்டினால் நாற்பத்து மூன்று. மனதில் ஒரு மூலையில், பார்த்து எழுதியிருப்பாளோ என்ற சந்தேகமும் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கணிதப் பகுதியில் ஒருவர் திருத்திய தாள்களில் சிலவற்றை இன்னொருவர் மறுபடி பார்ப்பது வழக்கம். பகுதித் தலைவி ஓர் ஆங்கிலேயப் பெண். தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்தபடியே திருத்துவார். அன்று அவர் கைக்குப் போனது இந்தத் தாள். ஏன் இப்படி வெட்டியிருக்கிறாய் என்று கேட்டார். சந்தேகத்தையும் சொன்னேன். அவர் சோதனை மண்டபத்தின் இருக்கை வரைபடத்தை எடுத்து, அவளைச் சுற்றி இருந்த நான்கு பேரின் தாள்களையும் பரப்பினார். அந்தக் கேள்விகளில் பாதியை நால்வருமே பிழையாகச் செய்திருந்தார்கள். பார்த்து எழுத அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு கேட்டார்: இவளுடைய விடை பிழைத்திருந்தால் என்ன போட்டிருப்பாய்? பூச்சியம் என்றேன். செய்முறைப் புள்ளி இருப்பதே பிழைவிட்டவர்களைக் கைதூக்கிவிடத்தான், அந்த உதவி வேண்டாமென்று துணிந்தவளுக்கு ஏன் தண்டனை என்றார். சொல்லிவிட்டு, புள்ளித்திட்டத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். செய்முறை இல்லாத சரியான விடைக்கு முழுப் புள்ளி. கேள்வியே செய்முறையைக் காட்டச் சொல்லியிருந்தால் மட்டும் இல்லை. நான் நேரே விடைப் பக்கங்களுக்குப் பாய்ந்தவள். அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவே இல்லை.

கால் மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். தோற்றதும் மறுபக்கம் சாய்ந்தேன். எக்ஸின் கனத்தோடு எக்ஸைக் கூட்டினால் இருபது வரவேண்டும், பெறுமானங்களைப் போட்டுப் பார்த்து ஒரு தசமதானத்துக்கு எக்ஸைக் காண்க, போட்டுப் பார்த்த எல்லாவற்றையும் காட்டுக என்று ஒரு கேள்வி. அவள் 2.6 என்று மட்டும் எழுதியிருந்தாள். இதற்கும் நான்கு புள்ளி போடுங்கள் என்றேன். தலைவி சிரித்துவிட்டார். காட்டு என்று கேட்டிருக்கிறது, அவள் காட்டவில்லை, பூச்சியம். அதுவும் முதல் பக்கத்தில் உள்ளதுதான்.

மொத்தம் அறுபத்தேழு. ஒருத்திக்கு ஒரு நீதி என்று விட முடியாதே! முப்பது தாளையும் இல்ஃபோர்டில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து திருத்தினேன். இன்னும் இரண்டு பேர் அறுபதைத் தாண்டினார்கள். சமையலறையில் தனியே நின்று கைதட்டினேன்.

மறுநாள் அவளை நடைவழியில் நிறுத்தித் தாளைக் கொடுத்து, மேல்நிலைத் தாள் எழுதப்போகிறாய் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. உடனே அந்தப் பூச்சியத்தைப் பற்றிக் கேட்டாள்.

"விடை சரிதானே ரீச்சர்?"

"ஓம், சரி. ஆனா செய்ததைக் காட்டச் சொல்லித்தானே கேட்டிருக்கு. நீ ஏன் பிள்ளை ஒண்டையும் எழுதிறேல்லை?"

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"அங்க சண்டையில பாதையெல்லாம் பூட்டின பிறகு கொப்பி வாறேல்லை ரீச்சர். ஒரு கொப்பியிலதான் நானும் தங்கச்சியும் எழுதினது. கணக்கை மனசுக்க செய்துபோட்டு விடையை மட்டும் எழுதுவம். அது பழகிப்போச்சு."

எழுபதுகளில் ஊரைவிட்டு வந்தவள் நான். நான் படித்த காலத்தில் எழுதிக் கசக்கி எறியக் கொப்பி இருந்தது. கண்டபாட்டுக்குப் புள்ளி வெட்டிய கையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. இனி சோதனையில் எத்தனை தாள் வேண்டுமானாலும் வாங்கி எழுது, கையை உயர்த்தினால் தருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. ஏ. உறையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தவள் முதலில் சொன்னது அதையல்ல.

"மூண்டு தரம் கையை உயர்த்தினனான் ரீச்சர். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்கக் கேக்கத் தாள் தந்தவை."

சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் உறையை நீட்டினாள். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை வாசித்தோம்.