அடிக்கப்பட்ட வரி

இடது கை தாளை அழுத்திப் பிடித்திருக்க, வலது கையில் சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ‘விரிவாக எழுதுக.’ ‘தெளிவில்லை.’ ‘எடுத்துக்காட்டு தேவை.’ ஓரத்தில் இடம் தீர்ந்ததும் பேனா வரிகளுக்கு நடுவே புகுந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரியை முழுசாக அடித்து, ‘தலைப்புக்குத் தேவையில்லை’ என்று எழுதிவிட்டுத்தான் ஓய்ந்தது.

“தாளுக்கு ரத்தம் ஏத்துறீங்களா டீச்சர்?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர் தமிழரசன்.

பூர்ணிமா டீச்சர் நிமிரவில்லை. கும்பகோணம் டவுன் பஸ் வந்து திரும்பும் ஊரில், அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. கட்டுரை திருத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தன் ஆசிரியர்கள் செய்ததைப் பார்த்துச் செய்தார். அவர்களைவிடக் கூடுதலாகவே செய்தார். சிவப்பு குறைந்த தாளைத் திருப்பித் தந்தால் வாங்கும் சம்பளத்துக்கு உழைக்காதது மாதிரி அவருக்கு உறுத்தும்.

இது செம்மொழி என்ற மாணவியின் தாள். ஒன்பதாம் வகுப்பு. மாவட்டக் கட்டுரைப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு கட்டுரை போகும். தேர்வானால் தஞ்சாவூரில் மேடையேறி வாசிக்கலாம். அந்த மேடைக்குத்தான் செம்மொழி ஆசைப்பட்டாள். தலைப்பு ‘எங்கள் ஊர்த் தண்ணீர்’. வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் எதையும் அனுப்பப் போவதில்லை என்று தலைமையாசிரியர் நெடுமாறன் சொல்லிவிட்டார்.

“இவ அடுத்து என்ன எழுதிட்டு வருவான்னு நான் இப்பவே சொல்லட்டுமா?” தமிழரசன் தாளை எட்டி இழுத்தார். “விரிவா எழுதச் சொன்ன இடத்துல ‘தண்ணீர் மிக மிக முக்கியம்’. எடுத்துக்காட்டு கேட்ட இடத்துல ‘இதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உள்ளன’.”

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. போன பருவத்தில் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதி வந்தார்கள்.

“சரி, இந்த அப்பா என்ன பாவம் பண்ணினாரு?”

“எந்த அப்பா?”

“நீங்க அடிச்ச அப்பா.” அவர் வாசித்தார்: “‘வாய்க்காலில் தண்ணீர் வரும் அன்று என் அப்பா யாரோடும் பேச மாட்டார்.’ ஏனாம்? இந்தத் தாள்லயே எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணுறது இது ஒண்ணுதான். அதைப் போய் அடிச்சிருக்கீங்க.”

“கணக்குக்காரருக்கு எதுக்குக் கட்டுரை?” என்று பூர்ணிமா தாளைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் மறுபடி படித்தார். மற்ற வரிகள் எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடியவை, கைடில் கிடைப்பவை. இந்த ஒரு வரி மட்டும் செம்மொழி வீட்டிலிருந்து வந்திருந்தது.

சிவப்புத் தாளை மேசை டிராயரில் போட்டு மூடினார். வெள்ளைத் தாளில் நீல மையால் எழுதினார்:

‘செம்மொழி, தண்ணீர் வரும் அன்று அப்பா பேச மாட்டார் என்கிறாய். அங்கேதான் எனக்கு மேலே படிக்க ஆசை வந்தது. ஏன் பேச மாட்டார்? அன்று எங்கே நிற்பார், என்ன செய்வார்? அதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கு. பிழைகளைப் பிறகு பார்க்கலாம்.’

மறுநாள் காலை செம்மொழி அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“மிஸ், என்னுது திருத்தலையா?”

“திருத்தியாச்சே.”

“செவப்பே இல்லையே மிஸ். அம்மா கேட்டா, டீச்சர் படிக்கவே இல்லைன்னு சொல்லும்.”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அப்பா ஏன் பேச மாட்டாரு?”

“அதெல்லாம் எழுதுனா மார்க்கு வருமா மிஸ்?”

“எனக்கு நிஜமாவே தெரியலைடி. அதான் கேக்கிறேன்.”

டீச்சருக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரியும் என்பது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

புதன்கிழமை வந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்துத்தான் எங்களுக்கு வரும். அப்பா வாயைத் திறந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் தண்ணீர் வராது. அதனால் வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கரையில் நிற்பார். தண்ணீர் எங்கள் மடைக்குள் நுழைந்த பிறகுதான் துப்புவார்.’

தமிழரசன் அதைப் படித்துவிட்டு, “இவரைப் போயி அடிச்சீங்களே” என்றார்.

பூர்ணிமா தாளை வாங்கிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். கை பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது, இழுத்துக்கொண்டார். பிழையுள்ள சொற்களின் கீழ் பென்சிலால் கோடு மட்டும் போட்டார், திருத்தத்தை எழுதவில்லை. கடைசியில், கைடில் இருந்து வந்த முடிவுரைக்குப் பக்கத்தில், ‘துப்பிய பிறகு அப்பா முதலில் யாரிடம் என்ன சொன்னார்?’ என்று ஒரே கேள்வி.

வெள்ளிக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே செம்மொழி சுத்தமாகத் திருப்பி எழுதிய கட்டுரையோடு வந்து நின்றாள். முடிவுரை போயிருந்தது. அந்த இடத்தில் அப்பா மேல வயல்காரரிடம், “வீட்டுக்கு வாங்க, டீ சாப்பிடலாம்” என்றார்.

“பென்சில் கோடெல்லாம் நானே பாத்துட்டேன் மிஸ். ஒண்ணு மட்டும் அகராதியில தேடினேன்.”

பூர்ணிமா கடைசி வரிவரை படித்தார். பேனாவைத் தொடவில்லை. தமிழரசன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயே கொண்டுபோய்க் கொடு” என்றார் பூர்ணிமா.

தலைமையாசிரியர் அறை வாசலில் செம்மொழி தாளின் மடங்கிய முனையை நிமிர்த்தினாள். உள்ளே போய் இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இந்தாங்க சார்.”