ஏழு மணி மாத்திரை

மானகிரிப் பக்கம் யாரோ ஒருவர், போனில் அலாரம் அடித்தபோதெல்லாம் மாத்திரை விழுங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே சுருண்டு விழுந்தாராம். பஸ்ஸில் வந்த பெண் சொன்னதாக டெய்லர் மனைவி சொல்ல, அதை அண்ணி தீபலட்சுமி தோஹாவில் இருக்கும் எனக்குச் சொன்னார். ஆள் பேர் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வெறும் வதந்தி என்று தள்ள முடியவில்லை. அந்த வாரம்தான் அண்ணன் போனிலும் அப்படி ஒரு அலாரம் வைத்திருந்தேன்.

அண்ணன் மருதுபாண்டிக்குப் புதுவயல் ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் வேலை. தொட்டியில் நீராவி ஏறும்போது ஒரு கை நெல்லை அள்ளி, விரலால் நசுக்கி, உமி வாய் திறந்ததா என்று பார்ப்பார். போதும் என்று அவர் சொன்னால்தான் வால்வை மூடுவார்கள். முதலாளியே நின்றாலும் அப்படித்தான். மாத்திரை விஷயத்தில் மட்டும் கவனம் கிடையாது. சர்க்கரை ஏறி, டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்ததும், அண்ணி மருந்துச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூருக்குக் கிளம்பிப் போனார்.

படத்தை ஒரு செயலியில் போட்டேன். அட்டவணை வந்தது: புது சர்க்கரை மாத்திரை காலை ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன், பழைய மாத்திரை காலையும் இரவும் சாப்பிட்ட பின், பிரஷர் மாத்திரை இரவில். கீழே ஒரு குறிப்பு. சீட்டின் மடிப்பில் நிழல் விழுந்ததால் புது மாத்திரை ஒரு மில்லிகிராமா, இரண்டா என்று தெளிவாக இல்லை; காலை உணவு ஏழரைக்கு என்பது ஊகம்; மருந்தாளுநரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே பயன்படுத்தவும்; சாப்பாட்டு நேரம் மாறும் நாட்களையும் அவரிடம் சொல்லவும்.

குறிப்போடு சேர்த்தே அனுப்பினேன். அண்ணன் சீட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு காரைக்குடியில் மருந்துக்கடை ரோகிணியிடம் போனார். அந்தப் பெண் டாக்டரிடமே கேட்டு, ஒரு மில்லிகிராம்தான் என்று சொன்னது. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், காலையில் ஒழுங்காகச் சாப்பிடுவீர்களா என்றும் கேட்டது. ஏழரைக்கெல்லாம் இட்லி உள்ளே போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அது பொய்யில்லை.

அதே செயலி வழியாக அண்ணன் போனில் அலாரம் வைத்தேன். அடித்தால் 'போட்டாச்சு' என்று தொட வேண்டும்; தொட்டால் எனக்கும் தெரியும். ஒருநாள் தொட மறந்ததற்கு நான் சத்தம் போட்டேன். "மில்லுல எனக்கு மேஸ்திரி கெடையாதுடா. நீ கடல் கடந்து மேஸ்திரி வேல பாக்குற" என்று சிரித்தார். அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

இன்று காலையும் ஏழு மணிக்குத் தொட்டிருந்தார். பார்த்துவிட்டு நிம்மதியாக ஆபீஸ் போனேன். சற்று முன் அண்ணி அழைத்துப் பேரனைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "இன்னக்கி கார்த்திகைல்ல தம்பி. உங்க அண்ணன் விளக்கு வைக்கிற வரைக்கும் பட்டினிதான் கெடப்பாக" என்றார்.

குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்த விரதம். அண்ணன் அதை யாரிடமும் சொல்ல மாட்டார்; சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ரோகிணியிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

"மாத்திரையும் போட மாட்டாகள்ல, அண்ணி?"

"மாத்திர சாப்பாட்டுல சேருமா? நீங்க வைவீகன்னு அத மட்டும் போட்ருவாக."

உடனே அண்ணனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மில்லில் வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்; போன் சட்டைப் பையில் இருக்கும். மருந்துக்கடைக்கு அடித்தேன். நான் முடிக்கும் முன்பே ரோகிணியின் குரல் மாறிவிட்டது. "சாப்பிடாம அதப் போட்டா சக்கர ரொம்ப எறங்கிரும் சார். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும். நெனவோட இருந்தா ஒடனே சீனித்தண்ணி குடுக்கச் சொல்லுங்க, அப்பறம் சாப்பிட வைங்க. நெனவு இல்லைன்னா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, நூத்தியெட்டுக்கு அடிங்க. வெரதம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா டாக்டர்ட்டக் கேட்டுச் சொல்லிருப்பேனே சார்."

மில் ஆபீஸில் கணக்குப்பிள்ளை சோமு எடுத்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தாக. இப்பத்தான் தொட்டிக்கிட்ட உக்காந்திருந்தாக, வேர்த்து ஊத்துது. கூப்பிட்டேன், திரும்பல. பாய்லர் எரைச்சல்ல என்ன கேக்கும்? அங்குட்டு நின்னா யாருக்குத்தான் வேர்க்காது?"

ரோகிணி சொன்னதை அப்படியே சொன்னேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, இணைப்பு அறுந்தது.

சோமு இப்போது தொட்டியருகே போயிருப்பார். ஆபீஸில் போன் எடுக்க ஆளில்லை. அண்ணன் எண்ணுக்கே மறுபடி அடிக்கிறேன். ஆணியில் தொங்கும் சட்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.