லேப்பை விட்டு யார் போறது?

ராதாமணி மேடத்தைப் பத்திப் பேசச் சொன்னா எனக்கு வாய் ஓயாது. எங்க நூல் மில்லுல அவிய பெர்சனல் ஆபீசர், வேலையாளுக விவகாரமெல்லாம் பாக்குறவிய. விளாத்திகுளத்துல மிளகா வியாபாரக் குடும்பம். பேச்சுலயும் அந்தக் காரம் உண்டு. லேட்டா வந்தா, "என்னம்மா, மில்லு உன் மாமனார் வீடா?"ன்னு மானத்தை வாங்கிருவாவ. அவிய மட்டும் இல்லன்னா நான் எங்க ஊரு இடைசெவல்ல பருத்தி எடுத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணு எங்க மில்லை வாங்கின புதுசு. ரெண்டாயிரத்து அஞ்சு. நூலோட பலத்தைச் சோதிக்கிற லேப்புல நான் டிரெய்னி. இன்சார்ஜ் ஜெயபாண்டி. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. என்னை பெர்மனென்ட் ஆக்கலாமான்னு எழுத வேண்டியதும் அவியதான். ஊரு வாயை அடைக்க, எல்லார் முன்னாடியும் என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுவாவ. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "கட்டிக்கப் போறவளைத் தங்கச்சிங்கியளே, வெக்கமா இல்ல?"ன்னு தனியாப் பிடிச்சுக் கேப்பேன்.

அப்பத்தான் கம்பெனியோட புது விதியை மேடம் கேன்டீன்ல வாசிச்சாவ. அதிகாரிக்கும் அவருக்குக் கீழ வேலை பாக்கவங்களுக்கும் சொந்தமோ காதலோ இருந்தா, பெர்சனல் ஆபீஸ்ல சொல்லிரணும். மறைச்சா நடவடிக்கை. இந்த மாதிரிப் பேச்சு வந்தா மில்லுல வீட்டுக்குப் போறது பொம்பளைதான். "வாயைத் திறக்காதீய"ன்னு ஜெயபாண்டிகிட்டக் கெஞ்சினேன். அவிய கேக்கல. "நான் உனக்கு மார்க் போட்டா ரெண்டு பேருக்கும் கேடு"ன்னு மேடத்துகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டாவ.

"இவளுக்கு லீவு யாரு குடுக்கா? ஷிப்ட் யாரு போடுதா? மார்க் யாரு போடுதா?"

"நான்தான் மேடம்."

அவியளை வெளிய அனுப்பிட்டு மேடம் என்னைப் பாத்தாவ. "அதிகாரிங்கிறதால, வேண்டாம்னு சொல்லப் பயந்து சரின்னியா?" என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. "இல்ல மேடம், எனக்கே பிடிச்சுத்தான்"ன்னேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டே. கல்யாணம் எப்பன்னுகூட அவிய கேக்கல.

மில் மேனேஜர் ரூம்ல பேசினது வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. "டிரெய்னிதான மேடம், நிப்பாட்டிரலாம்."

"சொன்னவளை நிப்பாட்டினா நாளைக்கு எவ சார் வந்து சொல்லுவா? காதலிக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல, மறைக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. அதிகாரம் கையில இருக்குற ஆளை மாத்துங்க."

ஜெயபாண்டி நூற்புப் பகுதிக்குப் போனாவ. முகம் சுண்டினாலும் முணுமுணுக்கல. என்னைச் சோதிக்க இன்னொரு யூனிட்ல இருந்து பூவனலிங்கம் சார் வந்தாரு. காரணம் அவருக்குத் தெரியாது. பக்கத்துலயே நின்னு, நான் சோதிச்ச நூலைத் திரும்பச் சோதிச்சு, ஒரு தப்புக்கு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. அப்புறம் பெர்மனென்ட் ஆக்கலாம்னு எழுதினாரு. நாங்களா வீட்டுல சொல்லுற வரைக்கும் இடைசெவலுக்குச் சேதி போகல.

கல்யாணம் முடிஞ்சதும், கூட வேலை பாக்குற சோலை கேட்டா: "என்னக்கா, வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த வேலையா?"

"ஏட்டி, பூவனலிங்கம் சார்கிட்டக் கேட்டுட்டு வா"ன்னேன். மெஷின்ல அடுத்த நூலை மாட்டினேன். கண்ணு தளும்பிருச்சு. ராதாமணி மேடம் மகராசி, நல்லா இருக்கணும்.